எஃப்.டி-யா, ஆர்பிட்ராஜ் ஃபண்டா? வரி எந்தப் பக்கம் சாய்க்கிறது?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 56, இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டயர்மென்ட். 30% வரி கட்டுகிறேன். 10 லட்ச ரூபாய் எஃப்.டி முதிர்ந்திருக்கிறது. "வருமானம் கொஞ்சம் குறைந்தாலும் ஆர்பிட்ராஜ் ஃபண்டில் போடு, கையில் அதிகம் நிற்கும்" என்கிறார் ஆபீஸ் நண்பர். குறைவாகத் தருவதில் போட்டால் எப்படி சார் அதிகம் நிற்கும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் கணக்கு சரிதான். எஃப்.டி 7%, ஆர்பிட்ராஜ் ஃபண்ட் 6.5% தருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எஃப்.டி-யில் 70,000 ரூபாய் வட்டி வரும். செஸ் சேர்த்து 31.2% வரி போனால் மிச்சம் 48,160. ஃபண்டில் வருவது 65,000 ரூபாய்தான். ஆனால் 12 மாதம் தாண்டி விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரியே இல்லை. அந்த வரம்பைப் பங்குகளை விற்றே நீங்கள் தீர்த்துவிட்டிருந்தாலும், செஸ்ஸோடு 13% போக 56,550 நிற்கும். இன்னும் சொல்லப்போனால், ஃபண்ட் 5.54% கொடுத்தாலே உங்களுக்கு எஃப்.டி-க்குச் சமம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டும் அடிப்படையில் வட்டிதான். ஆர்பிட்ராஜ் ஃபண்ட் ஒரு பங்கை இன்றைய விலைக்கு வாங்கி, அதே பங்கை ஃப்யூச்சர்ஸில், அதாவது பின்னொரு தேதியில் கொடுப்பதாக இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தில், சற்று கூடுதல் விலைக்கு அப்போதே விற்றுவிடுகிறது. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் அந்த வித்தியாசம் கைக்கு வரும். அது பெரும்பாலும் அந்த ஒரு மாதத்துக்கான வட்டியை ஒட்டியே இருக்கும். ஆனால் சட்டம் பார்ப்பது வேறு. சராசரியாக 65 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியப் பங்குகள் இருந்தால் அது பங்கு ஃபண்ட், அதற்குப் பங்கு வரி. அவ்வளவுதான்.

வரி நடுநிலை என்று பொருளாதாரத்தில் சொல்வது இந்த நிலைமைக்கு நேர் எதிரானது. வரி இல்லாத உலகில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்களோ, வரி வந்த பிறகும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வரி இல்லாவிட்டால் நீங்கள் 7 சதவீதத்தை விட்டு 6.5 சதவீதத்துக்குப் போவீர்களா? இப்போது போகிறீர்கள். மாதாமாதம் ஃப்யூச்சர்ஸைப் புதுப்பிக்கும் செலவு, பரிவர்த்தனை வரி, ஃபண்ட் நிர்வாகக் கட்டணம் எல்லாம் போய்த்தான் அந்த 6.5%. உங்களுக்கு லாபம், மொத்தமாகப் பார்த்தால் வீண் செலவு. மின்சார வாகனத்துக்கு 5% ஜி.எஸ்.டி வைத்திருப்பதும் ஒரு சாய்வுதான், ஆனால் அது தெரிந்தே செய்தது. வட்டியைப் பங்கு லாபமாக மாற்றிக்காட்டச் சொல்லி யாரும் திட்டம் போடவில்லை.

கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் கடன் ஃபண்டுகளிலும் இந்தச் சாய்வு இருந்தது. 2014 பட்ஜெட்டுக்கு முன்பு ஒரு வருடம் தாண்டினால் சலுகை வரி என்பதால், ஒரு வருடத்தைச் சில நாட்கள் தாண்டி முதிரும் ஃபண்டுகள் வரிசையாக வந்தன. சலுகைக்கு மூன்று வருடம் என்று மாற்றியதும் 1,100 நாட்களைத் தாண்டும் ஃபண்டுகள் வந்தன. முதலீட்டின் காலத்தை முதலீட்டாளரின் தேவை தீர்மானிக்கவில்லை, வரிச் சட்டம் தீர்மானித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கும் கடன் ஃபண்டுகளுக்கு அந்தச் சலுகை போய்விட்டது, எஃப்.டி மாதிரியே உங்கள் வருமானத்துக்கு உள்ள வரி விகிதம்தான்.

விகிதம் சமமானாலும் நேரம் சமமாகவில்லை. உங்களுக்கு முக்கியமானது இதுதான். எஃப்.டி வட்டி முதிர்வில்தான் கைக்கு வரும் என்றாலும், வங்கி வருடாவருடம் அதைக் கணக்கில் காட்டி டி.டி.எஸ் பிடிக்கும், அந்தந்த வருடமே வரி கட்டுவதுதான் வழக்கம். கடன் ஃபண்டில் விற்கும்போதுதான் வரி. நீங்கள் ரிட்டயர் ஆகி, சம்பளமே இல்லாத ஒரு முழு நிதியாண்டில் விற்கிறீர்கள் என்று வையுங்கள். 7% வீதம் மூன்று வருடத்தில் லாபம் சுமார் 2.25 லட்சம். அதையும் சேர்த்து அந்த வருட வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், 2025-26 விதிகளின்படி புதிய வரி முறையில் வரி பூஜ்யம். எஃப்.டி என்றால் வேலையில் இருக்கும் இரண்டு வருட வட்டிக்கும் 31.2% போயிருக்கும்.

ஆக, ரிட்டயர்மென்ட்டுக்கு முன் தேவைப்படாத பணத்தைக் குறுகிய காலக் கடன் ஃபண்டில் போடுங்கள். கூடுதல் வருமானத்துக்காக ரேட்டிங் குறைந்த பத்திரங்களை வாங்கும் ஃபண்ட் வேண்டாம். 2020 ஏப்ரலில் ஆறு கடன் ஃபண்டுகள் ஒரேயடியாக மூடப்பட்டு, பணம் திரும்ப வர முதலீட்டாளர்கள் காத்துக் கிடந்தார்கள். ஒன்றரை வருடத்துக்குள், மகள் கல்யாணம் மாதிரி, செலவு இருந்தால் அந்தப் பகுதிக்கு ஆர்பிட்ராஜ் ஃபண்ட் பொருந்தும். வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது, சில வாரங்கள் இறங்கவும் செய்யும். திடீர் மருத்துவச் செலவுக்கென்று இரண்டு லட்சமாவது எஃப்.டி-யிலேயே இருக்கட்டும். ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, ஃபண்டுகளுக்கு அது இல்லை. ரிட்டயர் ஆகி உங்கள் வருமானம் 12 லட்சத்துக்குள் வந்துவிட்டால் எஃப்.டி வட்டிக்கும் வரி இராது. அப்போது 70,000, 65,000 என்ற வரிக்கு முந்தைய தொகைகளை வைத்தே முடிவெடுக்கலாம்.