அலமாரி வரை போய் எடுக்க முடிகிற மாதிரி கேளுங்கள்: தகவல் மனு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. ஏன் தரமில்லாமல் போட்டீர்கள், யார் பொறுப்பு என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட்டேன். "கோரிய தகவல் தெளிவாக இல்லை" என்று ஒரு வரி பதில். இதில் என்ன தெளிவில்லை?

பதில்: உங்கள் கோபம் தெளிவாகத்தான் இருக்கிறது. எந்தக் காகிதம் வேண்டும் என்பதுதான் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தின் பதிவறையில் இருந்தவன், அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். தகவல் அலுவலர் மனுவைப் படித்துவிட்டு, இது எந்தப் பிரிவின் வேலை என்று ஓர் ஓரக்குறிப்பு எழுதி அங்கே தள்ளிவிடுவார். அங்கிருக்கும் எழுத்தர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நிற்க வேண்டும். எந்தக் கோப்பின் மேலட்டையிலும் "தரமில்லாத சாலை" என்று எழுதியிருக்காது. வேலையின் பெயர், ஆண்டு, கோப்பு எண், இவைதான் இருக்கும். உங்கள் மனுவில் அந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் அவர் கை நீட்டி எடுக்க முடியும்.

சாலை வேலை என்றால் அது வழிநெடுகக் காகிதம் விட்டுக்கொண்டே போகும். முதலில் மதிப்பீடு, அப்புறம் நிர்வாக அனுமதி, ஒப்பந்தம், பணி ஆணை, வேலை நடக்கும்போது நீளம், அகலம், கனம் எல்லாம் பதிகிற அளவுப் புத்தகம், தரப் பரிசோதனை அறிக்கை, கடைசியில் ஒப்பந்தக்காரர் பணம் கேட்கிற பட்டியலும் பணி நிறைவுச் சான்றும். "ஏன்" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இவற்றில் எதிலும் ஒரு வாக்கியமாக இருக்காது, இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தால்தான் தெரியும். மதிப்பீட்டில் சொன்ன கனமும் அளவுப் புத்தகத்தில் பதிந்த கனமும் தெருவில் நீங்களே அளந்து பார்க்கிற கனமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "யார் பொறுப்பு" என்பதற்கு ஒப்பந்தத்தில் குறைபாடு திருத்தும் காலம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்தக்காரர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே மனுவை இப்படி மாற்றுங்கள் (தெருப் பெயரும் தேதியும் உதாரணத்துக்கு):

"கிழக்குத் தெருவில், நூலகச் சந்திப்பு முதல் குடிநீர்த் தொட்டி வரை, 2023 மார்ச் வாக்கில் நடந்த சாலைப் பணி தொடர்பாக உங்கள் பொறியியல் பிரிவில் உள்ள, 1.4.2022 முதல் 31.3.2024 வரையிலான கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல்கள் வேண்டும். ஒன்று, மதிப்பீடு. இரண்டு, ஒப்பந்தம், அதன் நிபந்தனைகளுடன். மூன்று, இந்தப் பணிக்கான பதிவுகள் உள்ள அளவுப் புத்தகப் பக்கங்கள். நான்கு, தரப் பரிசோதனை அறிக்கைகள். ஐந்து, பணி நிறைவுச் சான்று."

வேலை மார்ச்சில்தானே நடந்தது, எதற்கு இரண்டு வருடம் என்று தோன்றும். அனுமதி முந்தைய ஆண்டுக் கோப்பில் இருக்கும், கடைசிப் பட்டியல் அடுத்த நிதியாண்டில் போயிருக்கும். வெறும் "2023" என்று போட்டால் அந்த ஒரு ஆண்டுக் கட்டை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடுவார்கள், அது பொய்யும் ஆகாது.

கேள்வி: கேள்விக்குறி போட்டாலே நிராகரிப்பார்கள், "ஏன்" என்ற சொல்லே மனுவில் வரக்கூடாது என்று எங்கள் சங்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள். நானும் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதித் தருகிறேன்.

பதில்: பாதி சரி. கேள்விக்குறியால் எந்த மனுவும் சாகாது. "இந்தப் பணிக்கான ஒப்பந்தத் தொகை எவ்வளவு?" என்று கேட்டால் அந்தத் தொகை ஒரு காகிதத்தில் இருக்கிறது, எடுத்துத் தரலாம். பதிவில் இல்லாத ஒரு விளக்கத்தை அதிகாரி புதிதாக யோசித்து எழுதித் தர வேண்டும் என்கிற கேள்விதான் நிற்காது. இந்தியாவின் 2005 சட்டத்தில், கைவசம் இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டிய கடமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது.

ஆனால் காரணம் பதிவாகியிருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். ஒரு விண்ணப்பத்தை நிராகரித்திருந்தால் கோப்பின் குறிப்புப் பக்கங்களில் எழுத்தர் என்ன எழுதினார், மேலதிகாரி என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்பது வரிசையாக இருக்கும். "ஏன் நிராகரித்தீர்கள்" என்பதற்குப் பதிலாக "இந்த எண்ணுள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்களும் கடிதப் பக்கங்களும்" என்று கேளுங்கள். இன்னொன்று, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்று அதே 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் "ஏன்" என்ற சொல்லை அடியோடு தடை செய்ய வேண்டாம், நீங்கள் பாதிக்கப்பட்டவரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோப்பு எண் போடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். வெளியில் இருக்கிற எனக்கு அது எப்படித் தெரியும்?

பதில்: பல நேரம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். அலுவலகத்திலிருந்து எப்போதாவது கடிதம் வந்திருந்தால் மேலே ஒரு நீளமான எண் இருக்கிறதே, பெரும்பாலும் அதில் வரிசை எண்ணும் ஆண்டும் பிரிவின் குறியும் இருக்கும். மூன்றும் இருந்தால் தேடலில் பாதி முடிந்தது. ஒப்பந்த அறிவிப்பு, தெருவில் நட்ட பணிப் பலகை, மன்றத் தீர்மானம் இவற்றிலும் கிடைக்கும்.

எதுவும் இல்லையா, இரண்டு மனுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மனுவில் கோப்பையே கேட்காமல், அந்த ஆண்டுக்கான பணிகளின் பதிவேட்டில் உங்கள் தெரு வரும் பக்கத்தை மட்டும் கேளுங்கள். ஒரு பக்கம், அதைத் தருவதில் யாருக்கும் சங்கடமில்லை. அதில் வேலையின் சரியான பெயரும் எண்ணும் இருக்கும். நீங்கள் "கிழக்குத் தெரு" என்று நினைத்துக்கொண்டிருப்பதை அவர்கள் "3-ஆவது வார்டு உள்சாலைகள், பகுதி 2" என்று பதிந்திருப்பார்கள். இரண்டாவது மனுவை அந்தப் பெயரிலேயே போட்டால் "கண்டறிய இயலவில்லை" என்று எழுத அவர்களுக்கு வழியே இல்லை. கொஞ்சம் காலம் கூடுதலாகும், ஆனால் தெளிவில்லை என்று திரும்பி வருகிற மனுவோடு ஒப்பிட்டால் இது வேகமான வழி.

ஒரு வாசகர்: நில ஆவணத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அளவைத் துறையில் இருந்தவன். 45/2 என்று கேட்டு வருவார்கள், அந்த எண் உட்பிரிவாகி 45/2அ, 45/2ஆ என்று மாறிப் பல வருடம் ஆகியிருக்கும். மறுஅளவை நடந்த ஊரில் 45 என்ற எண்ணே வேறு நிலத்துக்குப் போயிருக்கும். பழைய எண், புதிய எண், கிராமத்தின் பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

பதில்: நன்றி, நான் சொல்ல விட்டது இது. ஆட்களின் பெயருக்கும் இதே கதைதான். முதலெழுத்து முன்னால், பின்னால், ஆங்கிலத்தில் இரண்டு விதம் என்று பதிவாகியிருக்கும், தெரிந்த எல்லா வடிவத்தையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வூதியம் மூன்று வருடமாக இழுக்கிறது. இந்த மனு போட்டால் உடனே கையெழுத்தாகிவிடுமா அண்ணே?

பதில்: ஆகாது தம்பி. இது காகிதம் கேட்கிற மனு, குறை தீர்க்கிற மனு இல்லை. "அப்பாவின் ஓய்வூதியத்தை உடனே வழங்குக" என்று இதில் எழுதினால் அந்த வரிக்குப் பதிலே வராது. இப்படிக் கேட்கலாம்: அப்பா விண்ணப்பித்த தேதி, அவர்கள் தந்த ஒப்புகை எண் இரண்டையும் எழுதி, ஒப்புகையின் நகலையும் இணைத்து, அந்த விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் போனது, எப்போது வெளியேறியது என்று காட்டும் பதிவேட்டுப் பக்கங்களைக் கேளுங்கள். எந்த மேசையில் மூன்று வருடம் உறங்குகிறது என்பது தெரிந்துவிடும். சில இடங்களில் அந்தப் பக்கத்தை நகலெடுக்கும்போதே கோப்பு நகர ஆரம்பித்துவிடும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், ஓய்வூதியக் குறைக்கு என்று இருக்கிற வழியிலும் தனியாக எழுதுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு நுணுக்கம்? 2010 முதல் இன்றுவரை போட்ட எல்லாச் சாலைகளின் எல்லா ஆவணமும் என்று கேட்டுவிட்டால் எதுவும் தப்பாதே.

பதில்: எல்லாமே தப்பும். அத்தனை கோப்பையும் இறக்கினால் அந்தப் பிரிவு வேறு வேலையே பார்க்க முடியாது என்று எழுதுவார்கள், அது முழுக்கச் சாக்கும் இல்லை. இந்தியச் சட்டத்தின் 7(9) பிரிவு, கேட்ட வடிவத்தில் தருவது அளவுக்கு மீறி ஆட்களை இழுக்கும் என்றால் வேறு வடிவத்தில் தரலாம் என்கிற அளவில்தான் பேசுகிறது. அதைக் காட்டி அடியோடு மறுக்கலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது, இரண்டு பக்கமும் உத்தரவுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் மாதக்கணக்கில் சிக்குவதைவிட, பணிகளின் பட்டியலை மட்டும் வாங்கி, சந்தேகமான இரண்டு வேலையைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்பதுதான் என் விருப்பம். நேரில் புரட்டும்போது நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத காகிதம் கண்ணில் படும். வேண்டிய பக்கத்தில் சீட்டு வைத்து நகல் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் இலங்கையில் இருக்கிறேன். "அவ்வாறான ஆவணம் எம்மிடம் இல்லை" என்று பதில் வந்தது. மேன்முறையீடா, புது விண்ணப்பமா?

பதில்: முதலில் உங்கள் பழைய விண்ணப்பத்தை அந்நியர் கண்ணோடு படியுங்கள். ஆண்டோ பெயரோ பிழையாக இருந்தால் புது விண்ணப்பம்தான். மேன்முறையீட்டில் நீங்கள் முன்பு கேட்டதை வைத்துத்தான் பார்ப்பார்கள், அங்கே போய்ப் புதிய ஆவணத்தைச் சேர்க்க முடியாது. உங்கள் 2016 சட்டத்தில் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், இந்தியாவில் 30 நாட்கள், ஆகவே புதிதாகக் கேட்பதில் உங்களுக்கு இழப்பு குறைவு.

விண்ணப்பம் சரியாகவே இருந்தது என்றால் மேன்முறையீடு போங்கள். புதிதாகக் கேட்பதானால் கடைசியில் இரண்டு வரி சேருங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் அது எந்த அலுவலகம் என்று தெரிவித்து விண்ணப்பத்தை அங்கே அனுப்பவும், அழிக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியில் யார் உத்தரவில் அழிக்கப்பட்டது என்று காட்டும் பதிவின் நகலைத் தரவும். வெறும் "இல்லை" என்று எழுதக் கை தயங்கும். அழித்ததற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும், அதுவும் இல்லை என்றால் மேன்முறையீட்டில் நீங்கள் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதைத்தான்.