ஒட்டோமான் பேரரசில் காதி மன்றத்துக்குப் போன யூத மகள்

கேள்வி: ஒட்டோமான் பேரரசில் ஒவ்வொரு மதத்துக்கும் தனிச் சட்டம் இருந்ததாமே, அது எப்படி நடந்தது?

திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியவற்றைக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தங்கள் மதகுருக்களான ஆயர், ரபி முன்னிலையில் தீர்த்துக்கொள்ளலாம். குற்ற வழக்கும், முஸ்லிம் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கும் இஸ்லாமிய நீதிபதியான காதியிடம்தான் போகும். அங்கே முஸ்லிமுக்கு எதிராகப் பிற மதத்தார் சொல்லும் சாட்சி பொதுவாகச் செல்லாது. இதைச் சமத்துவம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சமூகங்களுக்கு நடுவே மதில் எதுவும் இல்லை. விரும்பினால் யாரும் காதியிடம் போகலாம். மனைவியை முன்பே இழந்த ஒரு யூத வணிகர் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் என்று வையுங்கள். யூதச் சட்டப்படி மகன் இருக்கும்போது மகள் வாரிசு அல்ல. திருமணச் செலவும் அதுவரை பராமரிப்பும் மட்டுமே அவளுக்கு உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி உண்டு. கடன் போக மிஞ்சிய சொத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு அவளுக்கு. அதனால் அவள் காதியிடம் போனாள். எளிதில் மணமுறிவு பெறவும் கிறிஸ்தவர்கள் அங்கே போனார்கள்.

ரபிகளும் ஆயர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கையிலிருந்த பெரிய ஆயுதம் சமூக விலக்கு. விலக்கப்பட்டவருடன் உறவினர்கள்கூடப் பழகமாட்டார்கள். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்காக உறவுகளை இழக்கலாமா என்பதுதான் அந்தப் பெண்ணின் முன் நின்ற உண்மையான கேள்வி.