பதினொன்றாவது பாடத்தில் நின்றது ஏன்?

கேள்வி: வயது 25. பி.ஏ. முடித்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சென்ற முறை குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 121 சரி: தமிழில் 74, பொது அறிவில் 38, கணக்கில் 9. மதுரையில் ஆறு மாதப் பயிற்சிக்கு விடுதியோடு 70,000 ரூபாய் ஆகும். வேலையையும் விட வேண்டும். வளையலை அடகு வைத்துத் தருவதாக அம்மா சொல்கிறார். போன வருடம் 6,000 ரூபாய்க்கு வாங்கிய வீடியோ வகுப்பு பதினொன்றாவது பாடத்தோடு நிற்கிறது. பயிற்சியில் சேரலாமா, வீட்டிலேயே படிக்கலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: தம்பி, அந்தப் பதினொன்றாவது பாடம் என்ன பாடம்? அதை நீ எழுதவில்லை. 6,000 ரூபாய் ஏன் பாதியில் நின்றது என்று தெரியாமல் 70,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் நிற்கும். முதலில் போய் அதைத் திறந்து பார்.

பாடம் புரியாமல் நின்றாயா, கடை முடிந்து வந்த அலுப்பில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாயா? இரண்டும் வேறு வேறு நோய். நீயே சோதிக்கலாம். "8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் 2 ஆண்டுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் என்ன?" என்பது இந்தத் தேர்வில் வரக்கூடிய மாதிரிக் கணக்கு. முதல் ஆண்டு வட்டி 400 ரூபாய். அந்த 400-க்கு இரண்டாம் ஆண்டு விழும் 5 சதவீதம், அதாவது 20 ரூபாய்தான் விடை. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு 12,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்று போட்டுப் பார். 120 வந்தால் உனக்கு ஆசிரியர் வேண்டாம், உட்காரும் பழக்கம்தான் வேண்டும். விளக்கத்தைப் படித்த பிறகும் வரவில்லை என்றால் ஆள் வேண்டும். ஆனால் கணக்குக்கு மட்டும். உன் ஊரிலேயே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவரிடம் ஞாயிறுதோறும் போனால் போதும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத்தில் நடக்கும் தேர்வு. ஒரே நாள், மூன்று மணி நேரம், எல்லாம் கொள்குறி வினா. தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, கணக்குக்கும் அறிவுக்கூர்மைக்கும் 25. அடிப்படை நூல்கள் ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளிப் புத்தகங்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களைத் தேர்வாணையமே தன் தளத்தில் வைத்திருக்கிறது. நீ தமிழில் விட்டது 26, கணக்கில் விட்டது 16. தமிழில் 88-க்கும் கணக்கில் 21-க்கும் ஏறினால் 26 கேள்விகள் கூடும். கேள்விக்கு ஒன்றரை வீதம் 39 மதிப்பெண். தமிழ்ப் புத்தகத்தை மூன்று முறை வரி விடாமல் படிப்பதை உனக்காக இன்னொருவர் செய்ய முடியாது.

குரூப் 2 முதன்மைத் தேர்வு என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே விரிவாக விடை எழுத வேண்டும். தன் விடையில் என்ன குறை என்பது எழுதியவன் கண்ணுக்குத் தெரியாது. திருத்தித் தர ஒருவர் வேண்டும், அதற்குப் பணம் கொடுப்பது நியாயம்.

சரி, அலுப்பில்தான் நின்றது என்று வைத்துக்கொள். அப்போது உனக்குத் தேவை "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் இடம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். விருதுநகர் அலுவலகத்தில் நேரில் போய் நேரத்தைக் கேள். உன் கடை நேரத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் காலை ஐந்தரை முதல் ஏழு வரை வீட்டில் உட்கார். ஞாயிறு ஒரு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "படிக்கவில்லை", "மறந்தேன்", "புரியவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுது. "புரியவில்லை" நிறைய விழுந்தால் மட்டும் வகுப்பைப் பற்றிப் பேசு. அதையும் உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டு.

வளையல் பேச்சுக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதுப் பிள்ளை சம்பாதிக்கும் வீட்டில் தாயின் கையை வெறுமையாக்குவதை நான் ஒப்ப மாட்டேன். அவர் அன்பில் நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீ. வேலையையும் விட்டால் மாத வட்டியை யார் கட்டுவது? அதை யோசித்தாயா? இன்றிரவே அம்மாவிடம் வளையல் வேண்டாம் என்று சொல்லிவிடு. நாளைக் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடச் சொல்.