ஞாயிறு ராத்திரி ஒன்பதரை மணிக்கு

"அக்கா, சேதராப்பட்டில் மெஷின் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் 12 பேருக்கு நான் டீம் லீடர். திங்கள் 11 மணிக்குள் எல்லாருடைய டைம்ஷீட்டும் அக்கவுண்ட்ஸுக்குப் போனால்தான் கஸ்டமருக்கு பில் போடுவார்கள். 3 பேர் எப்போதும் இழுக்கிறார்கள். ஞாயிறு ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு 9.30 மணிக்கு, 'இன்னும் டைம்ஷீட் கொடுக்காதவர்கள் உடனே கொடுக்கவும்' என்று குரூப்பில் போடுகிறேன். திட்டுகிற மாதிரி இருக்கிறதாம். எப்படி எழுதுவது?"
– வாசகி, கோரிமேடு

உங்கள் பிள்ளைகள் தூங்கியாயிற்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்?

வாரம் முழுக்க வெளியே அலைகிற மனுஷன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு ராத்திரிதான். அதற்குள் உங்கள் மெசேஜ் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் பூப்போட்டு எழுதினாலும் திட்டாகத்தான் கேட்கும். இதை வார்த்தைப் பிரச்சினை என்று நினைக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். வேறொரு நஷ்டமும் உண்டு. திங்கட்கிழமை செய்ததை ஞாயிறு ராத்திரி யாருக்கு ஞாபகம் இருக்கும்? பழைய ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஐந்து நாளும் எட்டு எட்டாக நிரப்பியிருந்தால், அது அவசரத்தில் போட்ட குத்துமதிப்பு.

வெள்ளி மாலை 4 மணிக்குப் போடுங்கள், இப்படி:

"இந்த வார டைம்ஷீட்டைக் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள், பத்து நிமிஷ வேலை. திங்கள் 11 மணிக்கு பில் போடுகிறார்கள். ஜாப் நம்பர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்."

'இன்னும்' வேண்டாம். அந்த ஒரு சொல்லில் முந்தின வாரத்துக் கோபமெல்லாம் ஏறிக்கொள்ளும். 'கொடுக்காதவர்கள்' என்பதும் ஆளைச் சுட்டுகிறது. "மூன்று ஷீட் வர வேண்டியிருக்கிறது" என்றால் பேச்சு ஷீட்டைப் பற்றியது. அதையும் குரூப்பில் போடாதீர்கள், கொடுத்துவிட்ட 9 பேர் எதற்குக் கேட்க வேண்டும்? திங்கள் காலை 9.30-க்கு அந்த மூவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: எந்தக் கட்டத்தில் கை நிற்கிறது? மூவரும் சைட்டுக்குப் போகிறவர்களாக இருந்தால் பதிலை நானே சொல்வேன். கடலூர் சிப்காட்டில் கேட் பாஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றால் அது எந்த ஜாப் நம்பர்? பஸ்ஸில் போன நேரம்? ஷீட்டில் அதற்கு இடமில்லை என்றால், நேர்மையானவன்தான் முதலில் தயங்குவான். 'பயணம்', 'காத்திருப்பு' என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி அக்கவுண்ட்ஸோடு சண்டை போடுங்கள், அது உங்கள் வேலை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் இழுத்தால்? சம்பளம் வாங்குகிறவர் செய்த வேலைக்குக் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. கூப்பிட்டு உட்காரவைத்து நேரிலேயே திட்டுங்கள். திங்கட்கிழமை, ஆபீஸ் நேரத்தில்.