வெளிநாட்டுக்குப் போகும் பத்திரம்: எந்த முத்திரை முதலில்?

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய தெருவில் ஒரு நோட்டரி வக்கீலிடம் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அஃபிடவிட், நோட்டரி, அட்டஸ்டேஷன் பற்றி வந்த கேள்விகளில், எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: மகளுக்குப் பிரான்சில் லியோன் நகர மேயர் அலுவலகத்தில் கல்யாணப் பதிவு. பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற அஃபிடவிட் இரண்டும், கையெழுத்து உண்மை என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் "கலைச்செல்வி" என்று மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் என் பெயரும் சேர்ந்து "கலைச்செல்வி முருகேசன்". மகள் அங்கேயே இருக்கிறாள். நானே நோட்டரியிடம் போய் எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

எல்லாவற்றையும் முடியாது. உங்களிடம் இருப்பது ஒரே வேலை மாதிரி தெரியும், ஆனால் இதில் மூன்று காகிதம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில் பிறப்புச் சான்றிதழ். இது அரசு கொடுத்த ஆவணம், இதை நோட்டரியிடம் கொண்டுபோகவே வேண்டாம். பழைய லேமினேஷன் போட்ட சான்றிதழை எடுத்துப் போகாதீர்கள். லேமினேஷன் மேல் முத்திரையும் ஒட்டாது, ஸ்டிக்கரும் ஒட்டாது. மாநகராட்சியில் புதிதாக ஒரு பிரதி வாங்குங்கள். அதை முதலில் மாநில அரசு சரிபார்க்கும், அதன் பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டும். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை. அது நியமித்த ஏஜென்சிகளின் வழியாகத்தான் போகும். ஆனால் எல்லாக் காகிதமும் டெல்லி போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை, சென்னையிலேயே செய்கிறார்கள். அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். அதற்கு மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம் கொஞ்சம் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒருவர் கேட்டால், அது அலைச்சலுக்கான கூலி. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

இரண்டாவது, திருமணமாகாதவர் என்ற அஃபிடவிட். சிக்கலே இதில்தான். அஃபிடவிட் என்றால் சொல்கிறவர் நோட்டரி முன்னால் நின்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். மகள் லியோனில் இருக்கும்போது, அவர் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பிய தாளில் திருச்சி நோட்டரி முத்திரை குத்தினால், அந்த நோட்டரி பொய் சொல்கிறார் என்று அர்த்தம். அன்றைய தேதியில் மகள் இந்தியாவில் இல்லை என்று பாஸ்போர்ட்டிலேயே இருக்கும். மேயர் அலுவலகத்தில் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை முடிந்தது. மகளின் அஃபிடவிட்டை அவரே பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் போடட்டும். உங்களுக்குத் தெரிந்த அளவில் "என் மகளுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை" என்று நீங்கள் இங்கே தனியாக ஒன்று போடலாம். அதை ஏற்பார்களா என்பதை மேயர் அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் கேட்காதது: இரண்டு பெயரும் ஒருவரே என்ற அஃபிடவிட். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைத்தான் பின்னால் போடுகிறோம் என்பது அங்கிருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அந்த வழக்கத்தை ஒரு வரியில் எழுதி, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ஆவண எண்ணோடு குறிப்பிட்டு, இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று முடியுங்கள். இதையும் மகளே போடுவது நல்லது. தூதரகத்துக்குப் போகும் அன்றே இரண்டையும் முடித்துவிடலாம்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. பலரும் இங்கேயே பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அதன் பிறகு அப்போஸ்டில் வாங்குகிறார்கள். அப்படிச் செய்தால் அப்போஸ்டில் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். அப்போஸ்டில் ஒட்டிய பிறகு, பிரான்ஸ் நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் மகளே கொடுப்பதுதான் சரியான வரிசை.

சேலம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். நோட்டரி கையெழுத்து இருந்தால் எந்த நாட்டுக்கும் போதும். அப்போஸ்டில் எல்லாம் ஏஜென்ட் கிளப்பிவிட்ட கதை.

பாதி சரி ஐயா. தேவையே இல்லாத இடத்தில் அப்போஸ்டில் வாங்க வைக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறை இந்திய ஆவணங்களுக்கு அப்போஸ்டில் கேட்பதில்லை.

ஆனால் கேட்கும் நாடுகளில் நோட்டரி மட்டும் போதாது. சேலத்து நோட்டரி யார், அவர் நிஜமாகவே நோட்டரிதானா என்று ரோமில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நோட்டரியின் கையெழுத்தை மாநில அரசு உறுதி செய்யும், மாநில அதிகாரியின் கையெழுத்தை வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்யும். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய கையெழுத்துக்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று யாரும் சொல்வதில்லை. அப்போஸ்டில் வாங்கிவிட்டேன், பிறகு ஏன் விவரத்தை நம்ப மறுக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

இந்த வரிசையில் அடிக்கடி அறுந்துபோவது முதல் கண்ணி. நோட்டரியின் மாதிரிக் கையெழுத்து அரசுக் கோப்பில் இல்லை என்றால் காகிதம் திரும்பி வரும். கையெழுத்துப் போடும் முன்பே "உங்கள் கையெழுத்து வெளிநாட்டு அட்டஸ்டேஷனுக்குப் போயிருக்கிறதா?" என்று கேளுங்கள். முத்திரை வட்டமாக, நோட்டரியின் பெயர், பகுதி, பதிவு எண் படிக்கும்படி இருக்க வேண்டும். அவருடைய பதிவேட்டில் உங்கள் பத்திரத்துக்கு வரிசை எண் விழ வேண்டும், அந்த எண் பத்திரத்திலும் இருக்க வேண்டும். பதிவேட்டைத் திறக்காமலே முத்திரை குத்தித் தருகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறுக்கே, மதுரையில் ஓர் இளம் வக்கீல்: ஒன்று சேர்க்கிறேன் அண்ணா. தமிழ்நாட்டில் இன்னும் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் அடித்துக்கொண்டு வருகிறார்கள். 2024இல் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். இப்போதைய தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பல பக்கம் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுவில் தாள் மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும்.

நல்லது தம்பி. அடித்துத் திருத்திய இடத்திலும் சுருக்கொப்பம் வேண்டும். முடிந்தால் திருத்தாமல் புதிதாகவே அடித்துவிடுங்கள்.

கோயம்புத்தூர்: துபாய் வேலைக்கு மனைவி விசா. கல்யாணச் சான்றிதழில் அப்போஸ்டில் வாங்கிவிட்டேன், செல்லாது என்கிறார்கள். சவுதியில் இருக்கும் நண்பனுக்குச் செல்லுபடியானதே?

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் மட்டும் செல்லும். இந்தியா 2005இல் சேர்ந்தது, சவுதியில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டன. அமீரகம் வேறு. அதற்கு மாநிலச் சரிபார்ப்பு, வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரை, கடைசியாக அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று நீளும். "கல்ஃப்" என்று ஒரே பட்டியல் வைத்திருக்கும் ஏஜென்ட்டிடம்தான் இந்தக் குழப்பம் பிறக்கிறது.

இன்னொரு பொறி ஜெர்மனி. ஜெர்மனியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே அது செல்லாது. ஜெர்மன் தூதரகங்கள் தாங்களே ஆவணத்தைச் சரிபார்க்கும் முறையை வைத்திருக்கின்றன. அப்போஸ்டில் வாங்கி அனுப்பினால் காசு வீண்.

ஷார்ஜாவிலிருந்து: எனக்கும் இதே பிரச்சினை. திருநெல்வேலியில் நிலம் விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும். நான் எந்த முத்திரையிலிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் பயணம் எதிர்த் திசை, தம்பி. மேலே சொன்ன வரிசை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் கையெழுத்துப் போட்டு அண்ணனுக்கு அனுப்புங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாமல் வைக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

வேலூர்: கெஜட்டில் பெயர் மாற்றினால் இந்த "ஒருவரே" அஃபிடவிட் தேவையில்லாமல் போகுமா?

கெஜட் பழைய பெயரை விட்டுப் புதிய பெயருக்கு மாறுவதற்கு. நீங்கள் மாறவில்லையே, இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் உங்களுடையவைதான். அதனால் முதலில் அஃபிடவிட் என்பேன். ஆனால் சில வெளிநாட்டு அலுவலகங்கள் அஃபிடவிட்டை நீங்களே உங்களுக்குக் கொடுத்த சான்று என்று ஒதுக்கி, அரசு ஆவணம்தான் வேண்டும் என்கின்றன. எந்த அலுவலகம் எதைக் கேட்கும் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது.

தஞ்சாவூர்: அண்ணன் அமெரிக்காவிலிருந்து அம்மாவுக்கு கிரீன் கார்டு போடுகிறான். அம்மா 1952இல் கிராமத்தில் பிறந்தவர், பதிவே இல்லை. அஃபிடவிட்டை நானோ அம்மாவோ போடலாமா? பெரியம்மா இருக்கிறார், ஆனால் படுக்கையில், ஆங்கிலமும் தெரியாது.

அம்மா போட முடியாது, அண்ணனும் முடியாது. இருவரும் அந்த மனுவில் சம்பந்தப்பட்டவர்கள். நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை, நேரில் தெரிந்தது என்று எதைச் சொல்வீர்கள்? பெரியம்மாதான் சரியான ஆள்.

அதற்கு முன் உள்ளூர்ப் பதிவாளரிடம் பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்று வாங்குங்கள். பள்ளிச் சான்றிதழ் மாதிரி வேறு ஆதாரம் இருந்தால் அதைச் சேருங்கள். அதுவும் இல்லாவிட்டால், விவரம் நேரில் தெரிந்த இரண்டு பேரின் அஃபிடவிட் தேவைப்படும். பெரியம்மாவைத் தவிர இன்னொரு மூத்தவரையும் இப்போதே தேடுங்கள். அதில் அவர்களுடைய பெயர், முகவரி, பிறந்த தேதி, ஊர், அம்மாவுக்கு என்ன உறவு, பிறந்தது எங்கே எப்போது, அது தங்களுக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் வர வேண்டும். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "எனக்கு அப்போது ஒன்பது வயது, அதே வீட்டில்தான் இருந்தேன், தங்கை பிறந்தது தெரியும்" என்று இருந்தால் அதற்கு எடை உண்டு.

பெரியம்மாவுக்கு நோட்டரியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பத்திரத்தை அவர் தமிழிலேயே சொல்லி, தமிழிலேயே அடித்து, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துவிடலாம். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும், அதற்கு நோட்டரி வேண்டாம். ஆங்கிலத்தில் அடிப்பதாக இருந்தால், தமிழில் படித்துக் காட்டி விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கியது என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். நோட்டரி வந்து உட்காரும் வரை பெரியம்மாவிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்காதீர்கள்.