வெள்ளிக் கொலுசு இருப்புக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செலவு?

கேள்வி: சேலத்தில் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்கு வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு 25 சதவீதம் என்று ஒருவர் சொல்கிறார். பேங்க் வட்டி மட்டும்தான் செலவு என்று என் அண்ணன் சொல்கிறார். என் கடைக்கு எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 25 சதவீதம் என்பது பொதுவாகப் புழங்கும் எண். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலுசில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது: வெள்ளி, கூலி. கொலுசு எத்தனை நாள் பெட்டியில் கிடந்தாலும் வெள்ளி வெள்ளிதான். கூலி அப்படியல்ல, டிசைன் பழசானால் அது கரைந்துபோகும்.

முதலில் இருப்பின் மதிப்பு. மார்ச் 31 அன்று எடுத்த கணக்கை வைத்துக்கொண்டால் தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் முன் குவிந்திருந்த சரக்கு அதில் தெரியாது. பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பையும் கூட்டி 12 ஆல் வகுங்கள். விற்பனை விலை வேண்டாம். அன்றைய வெள்ளி விலையும் நீங்கள் கொடுத்த கூலியும் போதும். பலரும் விட்டுவிடுவது பட்டறைகளில் இருக்கும் வெள்ளி. கம்பி இழுக்க ஒரு வீடு, கண்ணி கோக்க ஒரு வீடு, பற்றவைக்க, பாலிஷ் போட வேறு வீடுகள் என்று சரக்கு ஊர் சுற்றுகிறது. அத்தனையும் உங்கள் பணம்தான்.

ஓர் உதாரணக் கடை. வெள்ளி கிலோ ஒரு லட்சம் என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். கடையிலும் பட்டறையிலும் சேர்த்துச் சராசரியாக 54 கிலோ, அதாவது 54 லட்சம். அதன்மேல் கூலி 6 லட்சம். மொத்தம் 60 லட்சம்.

முதலீட்டுச் செலவுதான் பெரிய பங்கு. பாதிப் பணம் பேங்க் கடன், வட்டி 11 சதவீதம். மீதிப் பாதி சொந்தப் பணம். உங்கள் அண்ணன் இதற்குச் செலவே இல்லை என்று நினைக்கிறார். அந்த 30 லட்சம் சரக்கில் முடங்காமல் வியாபாரத்தில் வேறு இடத்தில் சுழன்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் வட்டி. அதை 14 என்று வைத்தால் சராசரி 12.5 சதவீதம். 60 லட்சத்துக்கு ஆண்டுக்கு 7.5 லட்சம்.

வைப்புச் செலவில் கடை வாடகையையும் காவலாளி சம்பளத்தையும் சேர்க்காதீர்கள். பத்துக் கிலோ குறைந்தால் வாடகை குறையுமா? குறையாது. சரக்கோடு ஏறி இறங்கும் செலவு மட்டும் வேண்டும்: லாக்கர் கட்டணம், கவர், கறுத்துப்போன ஜோடிகளுக்கு மறு பாலிஷ். நம் கடையில் 60,000 ரூபாய், அதாவது 1 சதவீதம்.

காப்பீட்டுக்கு ஆண்டு பிரீமியத்தை அப்படியே எடுங்கள். இங்கே 30,000, அரை சதவீதம். தீ விபத்துப் பாலிசி திருட்டுக்கு உதவாது. நகைக்கடைக்காரர்கள் எடுப்பது ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி. அதிலும் இரவில் பெட்டகத்துக்கு வெளியே கிடந்த சரக்குக்குப் பொதுவாகப் பணம் வராது. வெள்ளி விலை ஏறும்போது பாலிசித் தொகையை ஏற்றாமல் விடுவது இன்னும் பெரிய ஆபத்து. 60 லட்சம் சரக்குக்கு 40 லட்சம் பாலிசி இருந்தால், 6 லட்சம் களவு போனாலும் அதே விகிதத்தில் 4 லட்சம்தான் கையில் வரும்.

அடுத்தது குறைவு. பட்டறைக்காரரோடு பேசிக்கொண்ட சேதாரம் இதில் சேராது. அது செய்கூலியோடு போகும் உற்பத்திச் செலவு. இங்கே வேண்டியது புத்தக எடைக்கும் தராசு எடைக்கும் உள்ள வித்தியாசம். இருப்பு எடுக்கும்போது ஒவ்வொரு ஜோடியையும் கவரை விட்டு எடுத்து, கட்டிய நூலையும் சீட்டையும் கழற்றி நிறுத்துங்கள். கவரோடு நிறுத்தினால் பாலித்தீனும் நூலும் வெள்ளியாகக் கணக்கில் ஏறிவிடும். நூற்றுக்கணக்கான ஜோடிகளில் அது உண்மையான குறைவை மறைத்துவிடும். உதிர்ந்த முத்துகள், பாலிஷில் தேய்ந்தது, எழுத்துப் பிழை, களவு எல்லாம் சேர்ந்து ஆண்டில் 240 கிராம் குறைந்தால் 24,000 ரூபாய், 0.4 சதவீதம். திடீரென்று இது இரண்டு மடங்கானால் சதவீதத்தைத் திருத்துவதற்கு முன் எந்தப் பட்டறைக் கணக்கு நேராகவில்லை என்று பாருங்கள்.

கடைசியாக டிசைன் பழசாவது. இதை ஊகிக்க வேண்டாம். போன ஆண்டு நடந்ததை எழுதினாலே போதும். விற்காமல் உருக்கிய 6 கிலோவில் போன கூலி 66,000. உருக்கிச் சுத்தம் செய்த செலவும் இழப்பும் 12,000. தள்ளிவிடுவதற்காகக் கூலியில் விட்டுக்கொடுத்தது 42,000. மொத்தம் 1,20,000; அதாவது 60 லட்சத்தில் 2 சதவீதம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் இதில் 1,08,000 கூலியில் விழுந்த அடி. கூலியின் மொத்த மதிப்பே 6 லட்சம்தான் என்பதால் அதற்கு இது 18 சதவீதம்.

எல்லாம் கூட்டினால் 9,84,000 ரூபாய், 16.4 சதவீதம். உங்கள் அண்ணன் சொன்ன பேங்க் வட்டியைவிட அதிகம், மற்றவர் சொன்ன 25ஐவிடக் குறைவு.

இந்த ஒரே எண்ணை எல்லாச் சரக்குக்கும் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்த 60 லட்சத்தில் 45 லட்சம் தினமும் ஓடும் சாதாரணச் சங்கிலிக் கொலுசு, 15 லட்சம் எனாமல் வைத்த ஃபேன்சி ரகம் என்று கொள்ளுங்கள். உருக்கியதும் தள்ளுபடியில் போனதும் பெரும்பாலும் ஃபேன்சிதான் என்றால் அந்த 1,20,000 முழுவதையும் அதன் தலையில்தான் எழுத வேண்டும். அது 8 சதவீதம். அப்போது சாதாரண ரகத்துக்கு 14.4, ஃபேன்சிக்கு 22.4 சதவீதம்.

வெள்ளி விலை ஏறுகிறதே, அந்த லாபத்தை இந்தச் செலவில் கழிக்கலாமே என்று கேட்பார்கள். கழிக்காதீர்கள். விலை ஏறும் என்று நம்பினால் கட்டியாக வாங்கி வையுங்கள். அதில் கூலியும் இல்லை, பழசாகும் டிசைனும் இல்லை. அதே நம்பிக்கைக்காக எனாமல் கொலுசைக் குவிப்பது வீண்.

இந்த எண் கைகொடுக்கும் இடம் இது. பட்டறைக்காரர் வந்து, "கூடுதலாக ஐந்து கிலோ எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 1,500 குறைத்துத் தருகிறேன்" என்கிறார். கூலியோடு கிலோ சுமார் 1,11,000. ஃபேன்சி என்றால் அதை மாதம் வைத்திருக்க ஏறக்குறைய 2,070 ரூபாய் ஆகும். சாதாரண ரகம் என்றால் 1,330. கூடுதல் சரக்கு சீராக விற்றால் முழுக் காலத்தையும் எண்ண வேண்டாம், பாதியை எண்ணினால் போதும். ஆறு வாரத்தில் தீரும் ஃபேன்சிக்குச் சராசரி மூன்று வாரம், செலவு சுமார் 1,430. தள்ளுபடி மயிரிழையில் ஜெயிக்கிறது. அதே சரக்கு மூன்று மாதம் எடுக்கும் என்றால் செலவு 3,100ஐத் தாண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சாதாரண ரகமாக இருந்தால் இரண்டு மாதத்தில் தீரும் அளவுக்குத் தயங்காமல் வாங்கலாம்.