தீபாவளி வாழ்த்து அட்டைக்கு டூத்பிக்கில் பேப்பர் சுற்றி அகல் விளக்கு செய்கிறேன். சுடர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வருகிறது, நடுவில் ஓட்டை வேறு. பேப்பர் சுற்றும் குயில்லிங் கருவி வாங்கினால்தான் சரியாகுமா?

வாங்க வேண்டாம். அளவு மாறுவதற்கும் குச்சிக்கும் சம்பந்தமே இல்லை. சுற்றிய சுருளை விரலால் தளர்த்திவிட்டு, இவ்வளவு போதும் என்று கண்மதிப்பில் ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கோளாறு அங்கேதான். ஓட்டைக்கு மட்டும் குச்சி ஓரளவு காரணம்.

கைப்பிடி வைத்த கருவிக்காரர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். ஒரே நாளில் ஐம்பது சுருள் சுற்றுகிறவர்களுக்கு அது விரல் வலியைக் குறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குயில்லிங் என்ற பெயரே பறவை இறகின் தண்டிலிருந்து வந்ததுதான். இறகுத் தண்டில் சுற்றிய வேலையை டூத்பிக்கில் சுற்றக்கூடாதா?

முதலில் ஓட்டை. சுருளின் நடுவில் தெரிவது குச்சியின் பருமன்தான். டூத்பிக்கின் நடுப்பகுதி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அங்கே சுற்றினால் அதே அளவு ஓட்டை விழும். சுடர் மாதிரிச் சின்ன உருவத்துக்குக் கூர்முனையை ஒட்டிய மெல்லிய பகுதியில் சுற்றுங்கள். பேப்பர் பட்டையின் முனையை நகத்தால் ஒருமுறை இழுத்து வளைத்து, குச்சியை ஈரத்துணியில் லேசாகத் தொட்டுவிட்டுச் சுற்றினால் வழுக்காது. முதல் இரண்டு சுற்றுதான் சிரமம், பிறகு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய சுருளுக்கு வேறு குச்சி. ஒரு முனையைக் கத்தரித்துவிட்டு, வெட்டிய இடத்தில் பிளேடால் 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு போடுங்கள். பிளவு முடியும் இடத்தில் நூலை இறுக்கிக் கட்டாவிட்டால் குச்சி இரண்டாகப் போய்விடும். பிளவில் பட்டையைச் செருகும்போது முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே நீண்ட துண்டு மடங்கி, நடுவில் கொக்கி மாதிரி நின்றுவிடும். சுற்றி முடித்ததும் குச்சியை வெடுக்கென்று உருவினால் நடுப்பகுதியும் கூடவே வந்து சுருள் கோபுரம் ஆகிவிடும். சுற்றிய திசைக்கு எதிராகக் கால் சுற்று திருப்பி, சுருளை அடியிலிருந்து விரலால் தள்ளிக் கழற்றுங்கள்.

இனி அளவு. பட்டையின் நீளம், தளர்த்தும் வட்டம் இரண்டும் ஒன்றாக இருந்தால் சுருளும் ஒன்றாக இருக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வட்ட ஸ்டென்சில் ஒன்று போதும். சுருளை அதன் துளைக்குள் போட்டு விட்டுவிடுங்கள், துளை நிறையும் வரை தானே விரியும். பத்து விநாடி கழித்து வெளியே எடுத்து, பிடித்த பிடி தளராமல் நுனியை ஒட்டுங்கள். பசை பிடிக்கும் முன் உருவத்துக்காகக் கிள்ளினால் மறுபடி அளவு மாறும். அரை நிமிடமாவது பொறுங்கள். வீடியோக்களில் இந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்கள் ஒட்டிய கையோடு கிள்ளிவிட்டு, தமக்குக் கை வராது என்று முடிவு கட்டுகிறார்கள்.

வீட்டிலேயே பட்டை வெட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். காகிதத்துக்கு இழை ஓட்டம் உண்டு. தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அதே பக்கம் சுருளும்படி பட்டை வெட்டினால் சுருள் வழவழவென்று வரும். மாற்றி வெட்டினால் விறைத்துக்கொண்டு முறுக்கு மாதிரி கோணல் கோணலாக நிற்கும்.

உங்கள் விளக்குக்கு வருவோம். ஏ5 தாளை இரண்டாக மடித்த அட்டை, 3 மில்லிமீட்டர் அகலப் பட்டை என்று வைத்துக்கொள்கிறேன். சுடருக்கு 10 சென்டிமீட்டர் சிவப்புப் பட்டையின் முனையில் 20 சென்டிமீட்டர் மஞ்சளை ஒட்டி ஒரே பட்டையாக்கி, சிவப்பு முனையிலிருந்து சுற்றுங்கள். உள்ளே சிவப்பு, வெளியே மஞ்சள் என்று நெருப்பு தானாக வந்துவிடும். 15 மில்லிமீட்டர் துளையில் தளர்த்தி ஒட்டுங்கள். பிறகு நடுச்சுருளை விரல் நுனியால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைக் கிள்ளுங்கள். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுடர் நிற்கும். நடுவை ஒதுக்காமல் கிள்ளினால் சுடராகத் தெரியாது, வெங்காயமாகத் தெரியும்.

அகலுக்கு 30 சென்டிமீட்டர் பழுப்புப் பட்டை இரண்டை இணைத்துச் சுற்றி, 25 மில்லிமீட்டர் துளையில் தளர்த்தி ஒட்டுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முனைகளைக் கிள்ளி, மேல்பக்கத்தை ஸ்கேல் விளிம்பில் அழுத்தி நேராக்கினால் 3 சென்டிமீட்டர் அகல அரைவட்டம் கிடைக்கும். அட்டையில் அகலை முதலில் வையுங்கள், பிறகு சுடர். சுடரை முதலில் ஒட்டியவர்கள் அகலுக்கு இடம் போதாமல் விளக்கைச் சாய்த்துவிடுவார்கள்.

பசை வெள்ளைப் பசைதான், ஃபெவிகால் போன்றது. டியூபிலிருந்து நேரே பிழியாதீர்கள். மூடியில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, இன்னொரு டூத்பிக்கின் நுனியால் கடுகில் பாதி அளவு தொட்டு வைத்தால் போதும். காய்ந்தால் நிறம் தெரியாது என்பார்கள். நிறம் தெரியாது சரி, பளபளப்பு தெரியும். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி மின்னும். அட்டையும் ஈரத்தில் வளையும்; மேலே புத்தகம் வைத்து அமுக்கினால் சுருள் நசுங்கும். ஆகவே விளக்கைத் தனியாக ஒரு தடித்த அட்டைத் துண்டில் ஒட்டிக் காயவைத்து, அந்தத் துண்டை வாழ்த்து அட்டையில் இருபக்க டேப்பால் பொருத்துங்கள். தபாலில் போனால், சுருளைவிட உயரமான தெர்மோகோல் கட்டைகளைத் துண்டின் நான்கு மூலைக்கும் வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு அட்டைக்கு, பழகிய கைக்கே ஒன்றரை மணி நேரம் போகும். "பேப்பர்தானே, ஐம்பது ரூபாய்க்குத் தர மாட்டீங்களா" என்று கேட்பவர்கள், அதே தீபாவளிக்கு மத்தாப்புப் பெட்டிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று யோசிப்பதில்லை. விற்கிற எண்ணம் இருந்தால் மணிக்கணக்கில் விலை போடுங்கள், பட்டைக் கணக்கில் போடாதீர்கள்.

இதையே சுவரில் மாட்ட வேண்டுமானால் 5 மில்லிமீட்டர் பட்டைக்கு மாறுங்கள். 3 மில்லிமீட்டர் பட்டை, தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும், நிழலே விழாது. சட்டகத்தில் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே 1 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். தண்ணீர் கலந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசாதீர்கள், ஈரம் பட்ட சுருள்கள் ஊறித் தொய்ந்துவிடும். வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம். ஃப்ளோரசன்ட் பிங்க், ஆரஞ்சு பட்டைகள்தான் முதலில் வெளுக்கும்.